கோடு ஏன் பூஜ்யத்தைத் தொடவில்லை?

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தயாரித்த அறிக்கையை அனுப்பி ஒரு மாணவி கேள்வி கேட்டிருந்தார். சாய்தளத்தில் எஃகுக் குண்டு உருள்வதை வீடியோ எடுத்து, சமமான கால இடைவெளியில் பிரேம்களைப் பிரித்து, வேகத்தைக் கணக்கிட்டிருக்கிறார். வேக-நேர வரைபடத்தில் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. ஆனால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. நேரம் பூஜ்யமாக இருக்கும்போது வேகம் −3.5 செ.மீ/வி என்கிறது. அசையாமல் இருந்து கிளம்பிய குண்டு முதலில் பின்னால் போனதா? சோதனைப் பிழை என்று எழுதிவிடலாமா?

வேண்டாம். இது தற்செயலான பிழை இல்லை, காரணமும் அந்த எண்களிலேயே இருக்கிறது.

100 செ.மீ நீளப் பலகை, ஒரு முனை 5 செ.மீ உயரத்தில். விநாடிக்கு 30 பிரேம்களில் ஒவ்வோர் ஆறாவது பிரேமையும் எடுத்ததால் இடைவெளி 0.2 விநாடி. குண்டு கடந்திருந்த தூரங்களைச் சற்றே சீராக்கித் தருகிறேன்: 0, 0.7, 2.8, 6.3, 11.2, 17.5, 25.2, 34.3 செ.மீ. அடுத்தடுத்த எண்களைக் கழித்தால் 0.7, 2.1, 3.5, 4.9, 6.3, 7.7, 9.1. இவை 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை விகிதத்தில் இருக்கின்றன. சீராக முடுக்கம் பெறும் பொருளுக்கு இப்படித்தான் வரும் என்று கலிலியோ 1638-இல் வெளியான தன் நூலில் சொல்லியிருக்கிறார்.

கடைசி இடைவெளியைப் பாருங்கள். 9.1 செ.மீ தூரத்தை 0.2 விநாடியால் வகுத்தால் 45.5 செ.மீ/வி. மாணவி இதை 1.4-ஆவது விநாடிக்கு நேராகக் குறித்திருக்கிறார். ஆனால் அது 1.2-க்கும் 1.4-க்கும் இடைப்பட்ட சராசரி வேகம். அந்த இடைவெளி தொடங்கியபோது குண்டு அதைவிட மெதுவாகப் போனது, முடிந்தபோது அதைவிட வேகமாகப் போனது. இடையில் எந்தக் கணத்தில் சரியாக 45.5 இருந்தது? வேகம் சீராகக் கூடுவதால், முதல் பாதியில் குறைந்த அளவும் இரண்டாம் பாதியில் கூடிய அளவும் சமம். ஆகவே விடை நட்டநடுக் கணம், அதாவது 1.3 விநாடி. இங்கே நடு என்பது நேரத்தின் நடு, தூரத்தின் நடு அல்ல. முதல் இடைவெளியில் இது நன்றாகத் தெரியும்: 0.1 விநாடியில் குண்டு அந்த 0.7 செ.மீ தூரத்தில் கால் பங்கைத்தான் கடந்திருக்கும்.

எல்லாப் புள்ளிகளையும் 0.1 விநாடி இடப்பக்கம் நகர்த்தினால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகும். சரிவு மாறாது, முடுக்கம் அதே 35 செ.மீ/வி². அதன் பிறகும் சிறு விலகல் மிஞ்சினால், குண்டை விட்ட கணம் இரண்டு பிரேம்களுக்கு நடுவே விழுந்திருக்கலாம்.

இந்த நடுக்கண விதியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: இடைவெளி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது துல்லியமாகப் பொருந்தும். 1.0-க்கும் 1.4-க்கும் இடையே குண்டு 16.8 செ.மீ போனது. 0.4-ஆல் வகுத்தால் 42. அது 1.2-ஆவது விநாடியின் உண்மையான வேகம். பலரும் துல்லியம் வேண்டும் என்று அடுத்தடுத்த பிரேம்களையே எடுக்கிறார்கள். அங்கேதான் கெடுகிறது. ஓடும் குண்டின் விளிம்பு படத்தில் கலங்கித் தெரிவதால் ஒவ்வொரு அளவீட்டிலும் 2 மி.மீ தவறலாம். இரண்டு முனையிலும் சேர்ந்தால் 4 மி.மீ. அதை 1/30 விநாடியால் வகுத்தால் வேகத்தில் 12 செ.மீ/வி வரை பிழை. இடைவெளி 0.4 விநாடி என்றால் அதே தவறு 1 செ.மீ/வி-தான். ஒரே நிபந்தனை, அந்த இடைவெளி முழுக்க முடுக்கம் மாறக்கூடாது. பலகையிலிருந்து தரைக்கு இறங்கும் இடத்தை உள்ளே சேர்த்தால் விதி உடைந்துவிடும்.

அப்புறம், அறிக்கையின் கடைசிப் பக்கம். முடுக்கத்தைச் சாய்வால் (5/100) வகுத்து புவியீர்ப்பு முடுக்கமான g-ஐக் கண்டுபிடித்தபோது 980-க்குப் பதில் 700 வந்திருக்கிறது. நடுவர் "உராய்வு இழப்பு" என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை. பாடநூல் எண் வரவில்லை என்பதற்காக, ஒழுங்காக அளந்த பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைப்பது தவறு. 700 என்பது 980-இல் சரியாக ஏழில் ஐந்து பங்கு. வழுக்காமல் உருளும் திடக் குண்டின் இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போய்விடுகிறது. குண்டு சிறிதோ பெரிதோ, இந்தப் பங்கு மாறாது. பள்ளமான தடத்தில் உருண்டால் மட்டும் சுழற்சியின் பங்கு இன்னும் கூடும்.

எது காரணம் என்று அவரே சோதித்துப் பார்க்கலாம். பலகையின் முனையை 10 செ.மீ உயரத்துக்கு ஏற்றட்டும். வழுக்காமல் உருளும் குண்டின் முடுக்கம் இரட்டிப்பாகி 70 ஆகும். உராய்வுதான் காரணம் என்றால், 980-ஐ 5/100-ஆல் பெருக்கி வரும் 49-இல் அது 14-ஐக் கழித்து 35 ஆக்கியிருக்கிறது. சாய்வு கூடினாலும் அது கழிக்கும் அளவு ஏறக்குறைய அதே 14-தான். அப்போது 98-இல் 14 போக முடுக்கம் 84-க்கு அருகே வர வேண்டும்.