நான்கு இடங்கள், ஒரே லிங்க்: ஓட்டுநரின் மேப்பில் வரிசை மாறாமல் திறக்க

மதுரையில் வேன் ஓட்டுநர் ஒருவர் பயணிகளை முதலில் மீனாட்சி அம்மன் கோயிலுக்கும், பிறகு திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், கடைசியாக அழகர்கோவிலுக்கும் அழைத்துப் போக வேண்டும். நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் வரிசை மாறக்கூடாது. நான்கு லிங்க்குகளை வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்பினால், எது முதலில் என்று அவர் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும். கூகுள் மேப்ஸுக்கு ஒரே லிங்க்கில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்:

```
https://www.google.com/maps/dir/?api=1&destination=10.0742%2C78.2143&waypoints=9.9195%2C78.1193%7C9.9149%2C78.1240%7C9.9299%2C78.1385&travelmode=driving
```

பலர் தடுமாறுவது `destination` என்ற இடத்தில்தான். லிங்க்கில் அது முன்னால் நின்றாலும் பயணத்தின் கடைசி நிறுத்தம் அதுவே, இங்கே அழகர்கோவில். மற்ற மூன்றும் `waypoints`-க்குள் போகின்றன. அவற்றை எழுதிய வரிசையிலேயே மேப் காட்டும். சுற்று குறையும் என்று தானாக மாற்றி அடுக்காது. எந்த வரிசை சரி என்பதை லிங்க் எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

`%7C` என்பது நிறுத்தங்களைப் பிரிக்கும் செங்குத்துக் கோடு, `%2C` என்பது காற்புள்ளி. நேரடியாகத் தட்டினாலும் சில சமயம் வேலை செய்யும். ஆனால் நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால் போதும், லிங்க் அங்கேயே அறுந்துவிடும். அனுப்பிய செய்தியில் நீல நிறம் பாதியில் நின்றிருந்தால் காரணம் அதுதான்.

புறப்படும் இடத்தை, அதாவது `origin`-ஐ, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். அது இல்லாவிட்டால் ஓட்டுநரின் போன் இருக்கும் இடத்திலிருந்தே வழி தொடங்கும். அலுவலக முகவரியை அங்கே எழுதி வைத்தால், வேறு தெருவில் நிற்கும் ஓட்டுநருக்கு வழிகாட்டல் தொடங்காமல் வெறும் பாதை மட்டும் தெரியும்.

இடப்பெயரும் எழுதலாம்தான். ஆனால் 'அண்ணா நகர்' சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. அதனால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களே நம்பகமானவை, அட்சரேகை முதலில். சில மென்பொருள்கள் தீர்க்கரேகையை முன்னால் தரும். அதை அப்படியே ஒட்டினால் மதுரைக் கோயில் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே போய் விழும்! இந்தப் பிழையைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம். ஒரே ஊரில் வேறு தெருவைக் காட்டும் பிழைதான் ஆபத்து.

இன்னொன்று, எண்ணிக்கை. இடைநிறுத்தங்கள் அதிகபட்சம் 9. ஆனால் லிங்க் மேப்ஸ் செயலியில் திறக்காமல் போனின் பிரவுசரில் திறந்தால் 3 மட்டுமே. நம் லிங்க் சரியாக 3-இல் நிற்கிறது. இதற்கு மேல் போனால் இரண்டு லிங்க்காக உடைத்து, இரண்டாவதை முதல் சுற்று முடிந்த இடத்தில் திறக்கச் சொல்லலாம். அதிலும் `origin` வேண்டாம். அனுப்புமுன், கணினியில் அல்ல, ஓட்டுநரிடம் இருப்பது போன்ற ஒரு போனில் லிங்க்கைத் தட்டி, நிறுத்தங்களின் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பாருங்கள்.