ஓட்டை வழியாகப் பார்த்தால் எழுத்து தெரிகிறது, அப்புறம் எதற்கு மோக்காவுக்கு?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை கேட்ட கேள்வி இது. கோவில் மண்டபத்தில் நடந்த இலவசக் கண் முகாமுக்குப் போய்வந்தார். வலது கண்ணால் பலகையில் மேல் வரிகளைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. ஒரு பெண் வந்து ஓட்டைகள் போட்ட கறுப்பு பிளாஸ்டிக் அட்டையை அந்தக் கண்முன் பிடித்தாராம், உடனே கீழ் வரிகள் வந்துவிட்டன. அப்படியும் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, மோக்காவில் இருக்கும் சுப்ரமணிய பாரதி கண் மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். "கண்ணாடி போட்டால் போதாதாப்பா?"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். வலது கண் 6/36, பி.எச். 6/9. இடது கண் 6/6. 6/36 என்றால், நல்ல கண் 36 மீட்டரில் படிக்கிற எழுத்தை அத்தை 6 மீட்டரில் நின்றுதான் படிக்கிறார். பி.எச். என்பது அந்த ஓட்டை அட்டை. முகாமில் இருக்கிற பொருட்களிலேயே மலிவானது அதுதான், எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான்.

ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி நம் கண்ணின் பாவை முழுவதும் நுழைந்து, லென்ஸால் வளைந்து, விழித்திரையில் மறுபடி ஒரே புள்ளியாகக் கூட வேண்டும். பவர் சரியில்லாத கண்ணில் அது திரைக்கு முன்னாலோ பின்னாலோ கூடுகிறது. அதனால் திரையில் விழுவது புள்ளி இல்லை, ஒரு சிறு வட்டம். ஒவ்வொரு புள்ளியும் வட்டமாகிப் பக்கத்து வட்டத்தின்மேல் ஏறினால் எழுத்து கலங்கத்தானே செய்யும்? அந்த வட்டம் எவ்வளவு பெரிது என்பது ஒளி நுழையும் வாசலின் அகலத்தைப் பொறுத்தது. பாவை 4 மில்லிமீட்டர், அட்டையின் ஓட்டை 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வாசல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால் வட்டமும் அப்படியே சுருங்கும், எழுத்து பிரிந்து தெரியும். லென்ஸ் எதுவும் மாறவில்லை, அதன் தப்பு வெளியே தெரிய இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஓட்டையை இன்னும் சின்னதாக்கினால் இன்னும் தெளிவு என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் குறையும், ஒளியும் ஓட்டையின் விளிம்பில் பட்டு விரிந்து மறுபடி கலங்கும்.

(இதே ஓட்டைகளைக் கண்ணாடி மாதிரி செய்து, "போட்டால் பார்வை குணமாகும்" என்று விற்கிறார்கள். கழற்றினால் பழைய கண்தான். காசை வீணாக்காதீர்கள்.)

ஆக, அட்டையால் தெளிந்தால் கோளாறில் பெரும்பங்கு பவரில் இருக்கிறது. தெளியவில்லை என்றால் லென்ஸில் புரையோ, விழித்திரையிலோ நரம்பிலோ பழுதோ இருக்கலாம். அத்தைக்குத் தெளிந்தது. பிறகேன் சீட்டு?

அட்டை சோதிப்பது நேர்ப்பார்வையை மட்டும். எழுத்தைப் படிக்க விழித்திரையின் நடுவில் ஒரு சின்ன இடம் போதும். அத்தைக்குச் சர்க்கரை வந்து 12 வருடம். சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் கசியத் தொடங்கும், நடு இடம் தப்பியிருக்கும்வரை 6/6 கூட வரும். கண் அழுத்த நோயும் அப்படித்தான், ஓரப் பார்வையை முதலில் தின்னும். "நல்ல" இடது கண்ணுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சீட்டு. மண்டபத்தில் பார்வை, அட்டை, டார்ச் வெளிச்சம், சில முகாம்களில் அழுத்தம், இவ்வளவுதான் பார்க்க முடியும். பாவையை விரித்து உள்ளே பார்க்கிற வேலை பெரும்பாலும் மருத்துவமனையில்தான்.

அத்தையின் சீட்டில் எந்தச் சந்தேகம், எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்று எழுதவே இல்லை. மேசையை விட்டு எழும் முன்பே இந்த இரண்டையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும். முகாம் நடத்துகிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்தோம் என்று பேனர் போடுகிறார்கள், சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தார்கள் என்று யாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை. எனக்கு அந்த எண்தான் வேண்டும்.

சரி, போகும்போது சீட்டு, மாத்திரை அட்டைகள், கடைசி ரத்தச் சர்க்கரைத் தாள், பழைய கண்ணாடி எல்லாம் ஒரே பையில். கூட ஒருவர் வேண்டும். சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரத்தில் பாவை விரியும், பிறகு பல மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து கலங்கும், வண்டி ஓட்டக் கூடாது. வீடு வந்தபின் கண் சிவந்து கடுமையாக வலித்து வாந்தி வந்தால் காலைவரை காத்திராமல் உடனே திரும்பிப் போக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் அது சொட்டு மருந்தால் அழுத்தம் திடீரென்று ஏறியதாக இருக்கலாம்.

திரும்பும்போது என்ன கண்டார்கள், அடுத்து எப்போது வர வேண்டும் என்று எழுதி வாங்கி, சர்க்கரைக்குப் போகும் இடத்திலும் காட்டிவிட வேண்டும். ஒன்றுமில்லை என்றாலும், சர்க்கரைக்காரருக்கு அடுத்த தேதி வழக்கமாக ஒரு வருடத்தில்.

அத்தையுடன் நான்தான் போனேன். இடது கண்ணில்தான் சில கசிவுப் புள்ளிகள் இருந்தன. லேசர் இப்போது வேண்டாம், ஆறு மாதத்தில் வாருங்கள் என்றார்கள். வலது கண்ணுக்குக் கண்ணாடி. தேதியைக் காவடிக் காலண்டரில் அவரே வட்டமிட்டு வைத்திருக்கிறார்.