குஞ்சுக் கூண்டும் ஒரு கரும்புள்ளியும்

போன மார்கழியில் பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கிற அம்மா. "தம்பி, ரெண்டு அறுவது வாட் பல்பு போட்டிருக்கேன். அப்பவும் குஞ்செல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்குது. கரண்டு கம்மியா வருது போல."

பிளக்கில் மீட்டர் வைத்தேன், 230 வோல்ட் இருந்தது. பல்பு ஹோல்டரில் வைத்தால் ஒவ்வொன்றிலும் 115தான். ஒரு பல்பைக் கழற்றினேன், மற்றதும் அணைந்தது. அதற்கு மேல் சோதிக்க வேண்டியதில்லை: யாரோ சீரிஸாக இணைத்துவிட்டார்கள்.

பத்தாவது படிக்கும் மகள் எட்டிப்பார்த்தாள். அந்த இணைப்பைக் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினேன். வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டால் பல்பு. கோடு நடுவே விட்டு, சாய்ந்த ஒரு சிறு கோடு தூக்கி நின்றால் அணைத்த சுவிட்ச். பாடப்புத்தகத்தில் பேட்டரிக்கு நீளக்கோடும் குட்டைக்கோடும் இருக்கும், நீளமானது பிளஸ். வீட்டுக் கரண்டுக்கு அதற்குப் பதில் வட்டத்துக்குள் ஓர் அலை.

"ரெண்டு பல்பும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, அப்ப பேரலல்தானே அண்ணா?" என்றாள். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். படத்தில் எது எங்கே நிற்கிறது என்பது கணக்கே இல்லை. கரண்டு வரும் பேஸ் முனையில் விரலை வைத்துக் கோட்டின் மேலேயே நகர்த்த வேண்டும். கரண்டு திரும்பும் நியூட்ரல் வரும்வரை விரல் பிரியாமல், ஒரு பல்புக்குள் நுழைந்து வெளியேறி அடுத்ததற்குள் போனால் சீரிஸ். வழியில் ஒரு கரும்புள்ளி வந்து பாதை இரண்டாகப் பிரிந்து, இன்னொரு புள்ளியில் மறுபடி சேர்ந்தால் பேரலல். கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டு புள்ளி இல்லாவிட்டால் அங்கே இணைப்பு இல்லை.

அவள் விரல் எங்கும் பிரியாமல் போய்ச் சேர்ந்தது. ஒரே பாதை என்பதால் 230 வோல்ட்டை இரண்டு பல்பும் பங்கு போட்டுக்கொண்டன. வோல்ட் பாதியானால் வாட் கால் பங்காகும். ஏட்டுக் கணக்கில் 60 வாட் பல்பு 15 வாட்தான் தரும். நிஜத்தில் இழை அவ்வளவு சூடாகாததால் அதன் தடை குறைந்து, கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் மார்கழிக் குளிருக்கு அது எட்டாது. குண்டு பல்பு என்பதால் மங்கலாகவாவது எரிந்தது. எல்.இ.டி. என்றால் கணக்கே வேறு, சிமிட்டினாலும் சிமிட்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றினேன். சுவிட்சிலிருந்து வரும் பேஸை இரண்டு ஹோல்டருக்கும் தனித்தனியாகப் பிரித்தேன், நியூட்ரலையும் அப்படியே. இப்போது ஒவ்வொரு பல்புக்கும் முழு 230. ஒன்று போனாலும் மற்றது எரியும். சற்று நேரத்தில் குஞ்சுகள் பிரிந்து தீனித்தட்டுப் பக்கம் போயின.

"பகல்ல ஒரு பல்பு போதும்பா" என்றார் அம்மா. மகள் பேனாவை வாங்கிப் புதிய இணைப்பை வரைந்தாள். புள்ளிக்கு முன்னால் இருந்த சுவிட்சை அப்படியே விட்டு, புள்ளியைத் தாண்டி ஒரு கிளையில் மட்டும் இன்னொரு சுவிட்ச் வரைந்தாள். அதன்படியே போட்டுக்கொடுத்தேன்.