மேக் முகவரி: பெயர் கருவிக்கு, முகவரி இணைப்புக்கு

வீட்டில் வைஃபையைத் தொடும் எல்லாவற்றுக்கும் ஒரு எக்செல் தாள் வைத்திருக்கிறேன். அதில் மூன்றே பத்திகள்: செல்லப்பெயர், மேக் முகவரி, எந்த வைஃபை. நடுப்பத்தியின் தலைப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தச் சொல் எவ்வளவு வழுக்குகிறது என்று தெரிந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்த மேக்குக்கும் ஆப்பிள் கணினிக்கும் சம்பந்தமில்லை. இது ‘மீடியா ஆக்சஸ் கன்ட்ரோல்’ என்பதன் சுருக்கம். இங்கே மீடியா என்றால் பத்திரிகையோ தொலைக்காட்சியோ அல்ல, செய்தி ஓடும் கம்பி. ஜெராக்ஸ் ஆய்வகத்தில் 1973-இல் ஈதர்நெட் உருவானபோது எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியில் தொங்கின. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேச்சும் கெட்டுப்போகும். யார் எப்போது பேசலாம் என்று முறைப்படுத்தும் அடுக்குக்குத்தான் அந்தப் பெயர் வந்தது. அந்த அடுக்கில் ஒருவரை ஒருவர் கூப்பிட உதவும் எண் மேக் முகவரி ஆனது.

ஆய்வகத்தின் முதல் ஈதர்நெட்டில் முகவரிக்கு 8 பிட்தான், அதாவது 256 எண்கள். 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட வரையறையில் அது 48 பிட் ஆனது. இன்று நாம் பார்க்கும் ஆறு ஜோடி எழுத்துகள் அதுதான். முதல் மூன்று ஜோடி தயாரிப்பாளருக்கு ஐஇஇஇ அமைப்பு ஒதுக்குவது; மீதி மூன்றைத் தயாரிப்பாளர் போட்டுக்கொள்கிறார்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஊடக அணுகல் கட்டுப்பாட்டு முகவரி’. ஒளி ஊடகம், ஒலி ஊடகம் என்று இயற்பியலில் படித்தவர்களுக்கு ஊடகம் சரியான சொல்தான். ஆனால் இப்போது அதைக் கேட்டால் பத்திரிகைத் தணிக்கை மாதிரி ஒலிக்கிறது. ‘வன்பொருள் முகவரி’ எவ்வளவோ தேவலை. விண்டோஸ் திரையில் Physical Address என்று வருவதும் இதுதான். ‘கருவி முகவரி’ என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஏனென்று என் தாளே சொல்லும்:

```
மோட்டார் பிளக்   24:0A:C4:1B:60:92   veedu-2.4
அம்மா போன்      DA:3C:71:05:EE:48   veedu-5
அம்மா போன்      6E:90:12:AF:3B:07   veedu-2.4
```

அம்மாவின் போன் ஏன் இரண்டு வரியில் இருக்கிறது? ஒருநாள் ரவுட்டர் பட்டியலில் பெயர் தெரியாத ஒன்று நின்றது. யாரோ நம் வைஃபையைத் திருடுகிறார்கள் என்று நினைத்துக் கடவுச்சொல்லை மாற்றப் போனேன். அப்புறம் அந்த முகவரியைக் கவனித்தேன்: 6E. முதல் ஜோடியின் இரண்டாம் எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அந்த எண் தொழிற்சாலையில் போட்டதல்ல, மென்பொருள் உண்டாக்கியது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைப் பெயருக்கும் தனித்தனிப் போலி முகவரியைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. போகுமிடமெல்லாம் ஒரே எண்ணை வைத்துப் பின்தொடர முடியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அம்மா சமையலறையிலிருந்து மாடிக்குப் போனதும் போன் இன்னொரு வைஃபைக்குத் தாவியிருக்கிறது, கூடவே எண்ணும் மாறியிருக்கிறது. திருடன் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பத்தி இல்லாவிட்டால் இரண்டாம் பத்திக்குப் பொருளே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. லேப்டாப்பிலும் இதே கதைதான். வைஃபைக்கு ஒரு முகவரி, கேபிளுக்கு வேறொன்று. விண்டோஸில் கட்டளைத் திரையைத் திறந்து இதை அடித்தால் எது எதற்கு என்று பிரித்துக் காட்டும்:

```
getmac /v
```

மோட்டார் பிளக்கின் 24-இல் இரண்டாம் எழுத்து 4. அது தொழிற்சாலை எண், மாறாது. அதற்கு ரவுட்டரில் நிலையான ஐபி ஒதுக்கலாம். போனுக்கும் ஒதுக்க வேண்டுமென்றால் அந்த வைஃபைக்கு மட்டும் ஆண்ட்ராய்டில் Use device MAC, ஐபோனில் Private Wi-Fi Address என்பதில் Off அல்லது Fixed வைக்க வேண்டும். Rotating என்று விட்டால் எண் அவ்வப்போது மாறி, தாளில் எழுதியது பொய்யாகிவிடும்.

தாளிலும் ஒரு பொறி உண்டு. சிலர் நடுவில் புள்ளிகள் இல்லாமல் 3497123456E1 என்று ஒட்டி எழுதுவார்கள். எக்செல் அந்த E-யைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு 3.50E+10 என்று காட்டும். பத்தியை முதலிலேயே Text ஆக்கிவிட்டுத் தட்டினால் வம்பில்லை.

கடைசியில் தலைப்பில் ‘இணைப்பு முகவரி’ என்று எழுதினேன். போலி எண்ணை வன்பொருள் முகவரி என்று சொல்ல மனம் வரவில்லை. தம்பி மட்டும் அதை இன்னும் ‘மேக்’ என்றுதான் கூப்பிடுகிறான்.