‘சூடு’ என்று எழுதியிருந்தால் எந்தத் தலைப்பில் சேர்ப்பது?

ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில்லோடு ஒரு சின்னச் சீட்டு வரும். ஒன்று முதல் ஐந்து வரை எண்கள், ஏதாவது ஒன்றை வட்டமிட வேண்டும். அதற்குக் கீழே ‘உங்கள் கருத்து’ என்று இரண்டு கோடுகள். மாதக் கடைசியில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டு சேர்ந்துவிடும். முதலாளி மேலே இருக்கும் பத்துச் சீட்டைப் புரட்டிவிட்டு, “சாம்பார் பத்தித்தான் எல்லாரும் சொல்றாங்க” என்பார். உண்மையில் எத்தனை பேர் சொன்னார்கள், சொன்னது குறையா பாராட்டா என்பதை அந்தக் கட்டிலிருந்து எப்படி வெளியே எடுப்பது?

ஒரு கற்பனைக் கட்டை வைத்தே பார்க்கலாம். மொத்தம் 200 சீட்டுகள். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நடக்கும் கோளாறுகள் மட்டும் எல்லாக் கட்டிலும் நடப்பவை.

முதல் வேலை, தட்டச்சு செய்வதற்கு முன்பே, ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் 1 முதல் 200 வரை வரிசை எண் போடுவது. இதைத் தவிர்த்துவிட்டு வருத்தப்படாதவர்களே இல்லை. கணினியில் 137ஆம் வரியில் ஏதோ இடிக்கிறது என்றால், 137ஆம் சீட்டை உருவி எடுத்துப் பார்க்க முடிய வேண்டும்.

அப்புறம் மதிப்பெண்கள். 200 பேரில் 8 பேர் எதையும் வட்டமிடவில்லை. 4 பேர் 3க்கும் 4க்கும் நடுவில் வட்டம் போட்டிருக்கிறார்கள், அல்லது இரண்டையும் சேர்த்து வளைத்திருக்கிறார்கள். இந்த 12 கட்டங்களையும் காலியாக விட வேண்டும். அவசரத்தில் காலிச் சீட்டுக்கு 0 போட்டுவிடுவார்கள். அந்த 0 சராசரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வட்டமிடாதவர் சாப்பாட்டுக்குச் சுழி கொடுக்கவில்லை, எதையும் கொடுக்கவில்லை.

மீதி 188 பேர் கொடுத்தது இப்படி: ஐந்து கொடுத்தவர்கள் 92, நான்கு 41, மூன்று 12, இரண்டு 15, ஒன்று 28. கூட்டினால் 718 புள்ளிகள், சராசரி 3.8. அந்த எட்டுக் காலிச் சீட்டுகளுக்கு 0 போட்டிருந்தால் 3.7 ஆகியிருக்கும். ஆனால் சராசரியைவிட எண்ணிக்கைகளை அப்படியே பார்ப்பதுதான் நல்லது. இங்கே மேலே ஒரு குவியல், அடியில் ஒரு சின்னக் குவியல், நடுவில் பள்ளம். ‘3.8’ என்றால் எல்லோரும் ஓரளவு திருப்தி என்று தோன்றும். நடந்திருப்பது அதுவல்ல. பெரும்பாலோர் மகிழ்ச்சியாகப் போயிருக்கிறார்கள், ஒரு கூட்டம் கோபமாகப் போயிருக்கிறது.

அந்த 28 ‘ஒன்று’களைச் சும்மா நம்பவும் கூடாது. அவற்றில் 9 சீட்டுகளில் கீழே “ரொம்ப அருமை”, “சூப்பர் டேஸ்ட்” என்று எழுதியிருக்கிறது. நம் ஊரில் ‘ஒன்று’ என்றால் முதலிடம். வகுப்பில் முதல் ரேங்க் எடுத்த நினைப்பில் ஒன்றை வட்டமிட்டுவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மதிப்பெண்ணையும் கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான். கண்டுபிடித்தவுடன் சத்தமில்லாமல் 1ஐ 5 ஆக்கிவிடக் கூடாது. எழுதியிருப்பதை அப்படியே பதிந்துவிட்டு, அட்டவணையில் அடுத்த பத்தியில் ‘சந்தேகம்’ என்று குறி வைக்க வேண்டும். இந்த ஒன்பதையும் ஒதுக்கிப் பார்த்தால் சராசரி 3.96. இரண்டு எண்களையும் சொல்வதே நேர்மை. கருத்தே எழுதாமல் ஒன்றை வட்டமிட்டவர்களில் எத்தனை பேர் இப்படித் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள் என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை சீட்டில் 1க்குக் கீழே ‘மோசம்’, 5க்குக் கீழே ‘மிக நன்று’ என்று அச்சிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி போய்விடும்.

இப்போது கருத்துகளுக்கு வருவோம். 200 பேரில் 84 பேர்தான் ஏதாவது எழுதியிருக்கிறார்கள். அவற்றை எழுதியபடியே தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்துப்பிழையைத் திருத்தக் கூடாது. படிக்க முடியாத சொல்லுக்கு [?] போடலாம், ஊகித்து நிரப்பக் கூடாது. கையெழுத்துத் தமிழில் புள்ளியை விட்டுவிடுவார்கள், ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும், ‘கரி’ என்று எழுதியிருப்பது தோசை கரிந்ததா, கறிக்குழம்பா என்று புரியாது. அதனால்தான் கவனமாகச் செய்கிற இடங்களில் இரண்டு பேர் தனித்தனியே தட்டச்சு செய்து, இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடுகிற வரிகளுக்கு மட்டும் சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள்.

தட்டச்சு முடிந்ததும் பலருக்கும் வரும் ஆசை, எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று எண்ணிவிடலாமே என்பது. தமிழில் இது சீக்கிரமே கவிழ்ந்துவிடும். ‘சாம்பார்’ என்று தேடினால் ‘சாம்பாரில்’, ‘சாம்பாருக்கு’ இரண்டும் கிடைக்காது, அவற்றில் கடைசி ‘ர்’ இல்லை. ‘சாம்பாறு’ என்று எழுதியவரும் விடுபடுவார். ஆங்கில எழுத்தில் எழுதியவரும் விடுபடுவார். அதுகூடப் பரவாயில்லை, பட்டியல் போட்டுச் சரிசெய்துவிடலாம். ஆனால் இந்த நான்கு வரிகளைப் பாருங்கள்.

“இட்லி சூடா இருந்தது.”
“பொங்கல் சூடாவே இல்ல.”
“உள்ள சூடு தாங்கல, ஃபேன் போடுங்க.”
“சுடச்சுட கொண்டு வந்தாங்க, நன்றி.”

சூட்டைப் பற்றி நான்கு பேர் பேசியிருக்கிறார்கள். முதலாவது உணவைப் பற்றிய பாராட்டு, இரண்டாவது உணவைப் பற்றிய குறை, மூன்றாவது கூடத்தைப் பற்றிய குறை. நான்காவதில் ‘சூடு’ என்ற வடிவமே இல்லை. ‘நல்லா’ என்ற சொல்லை எண்ணினால் ‘நல்லா இல்ல’ என்பதும் சேர்ந்து வரும், ஏனென்றால் தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. “காரம் கம்மி” என்பது குறை. “காரம் கம்மி பண்ணுங்க” என்பது அதற்கு நேர் எதிரான குறை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு வினைச்சொல்.

ஆகவே சொல்லை எண்ணாமல், கருத்தைப் படித்துத் தலைப்புக் கொடுத்து, தலைப்பை எண்ண வேண்டும். தலைப்புகள் எங்கிருந்து வரும்? முன்கூட்டியே ‘சுவை, சேவை, சுத்தம், விலை’ என்று நான்கு பெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வாடிக்கையாளர் சொன்னதெல்லாம் அந்த நான்குக்குள் திணிக்கப்படும். அதைவிட, கட்டின் பல இடங்களிலிருந்து ஒரு முப்பது கருத்துகளை உருவி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது என்ன சொல்கிறது என்று நாலு வார்த்தையில் எழுதிப் பார்க்கலாம். மேலிருந்து முப்பது எடுத்தால் ஒரே வாரத்துச் சீட்டுகளாக இருக்கும். அந்த வாரம் சமையல்காரர் விடுப்பில் போயிருந்தால் தலைப்புகளே கோணலாகிவிடும். எழுதிய குறிப்புகளை ஒன்றோடொன்று சேர்த்தால் ஏழெட்டுத் தலைப்புகள் திரளும்: பரிமாறத் தாமதம், காரம் அதிகம், உணவு ஆறிப்போனது, கைகழுவும் இடம், சப்ளையரின் நடத்தை என்று.

ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு விதி எழுதி வைக்க வேண்டும். எது சேரும், எது சேராது, ஒரு மாதிரி வரி. ‘பரிமாறத் தாமதம்’ என்பதற்கு: ஆர்டர் கொடுத்தபின் காத்திருந்ததைச் சொன்னால் சேரும், மேசை கிடைக்கக் காத்திருந்ததைச் சொன்னால் சேராது. ஒரே கருத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தலைப்பு கொடுக்கலாம். “ரெண்டாவது தோசை வர்றதுக்குள்ள சாம்பார் ஆறிப்போச்சு” என்பது தாமதமும்தான், ஆறிப்போனதும்தான். அறுபதாவது கருத்தில் ஒரு புதுத் தலைப்பு முளைத்தால், முதலாவதிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். இல்லையென்றால் முதல் 59 பேர் அதைச் சொல்லவே இல்லை என்று பொய்யாகப் பதிவாகிவிடும்.

சரி, இந்தத் தலைப்புகள் சீட்டில் இருப்பவையா, படித்தவரின் மனதில் இருப்பவையா? இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தச் சோதனைதான். விதிகளை மட்டும் கையில் கொடுத்து, இன்னொருவரை அதே 50 கருத்துகளுக்குத் தனியாகத் தலைப்புக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ‘பரிமாறத் தாமதம்’ என்ற தலைப்பில் இருவரும் ‘ஆம்’ என்றது 11, இருவரும் ‘இல்லை’ என்றது 33, முதலாமவர் மட்டும் ‘ஆம்’ 4, இரண்டாமவர் மட்டும் ‘ஆம்’ 2 என்று வைத்துக்கொள்வோம். 50இல் 44 ஒத்துப்போகிறது, 88 சதவீதம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் கொஞ்சம் ஒத்துப்போகத்தானே செய்யும்? 1960இல் ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் இதைக் கழிக்க ஒரு வழி சொன்னார். அந்த அளவுக்குக் ‘கப்பா’ என்று பெயர். முதலாமவர் மொத்தம் 15 முறை, அதாவது 30 சதவீதம் ‘ஆம்’ என்றார். இரண்டாமவர் 13 முறை, 26 சதவீதம். தற்செயலாக இருவரும் ‘ஆம்’ சொல்ல வாய்ப்பு 0.30 × 0.26, இருவரும் ‘இல்லை’ சொல்ல வாய்ப்பு 0.70 × 0.74. கூட்டினால் சுமார் 0.60. தற்செயலைத் தாண்டி எட்டக்கூடிய மீதி 0.40, இவர்கள் எட்டியது 0.88இலிருந்து 0.60 போக 0.28. வகுத்தால் 0.7. ஓட்டல் வேலைக்கு இது போதும்.

‘சப்ளையரின் நடத்தை’ என்ற தலைப்பைப் பார்த்தால்தான் கப்பாவின் அருமை தெரியும். முதலாமவர் 2 கருத்துகளில் குறித்தார், இரண்டாமவர் வேறொரு கருத்தில் 1 குறித்தார். மீதி 47இலும் இருவரும் ‘இல்லை’. ஒத்துப்போவது 94 சதவீதம், முன்னதைவிட அதிகம்! கணக்கிட்டால் கப்பா சுழிக்கும் சற்றுக் கீழே. அந்தத் தலைப்பில் இருவரும் ஒரே ஒரு கருத்தில்கூட ஒன்றாகக் கை வைக்கவில்லையே. “கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கல” என்பது நடத்தையா தாமதமா என்று விதியில் எழுதவில்லை. ஆட்களைக் குறை சொல்லாமல் விதியைத் திருத்தி, மறுபடி குறிக்க வேண்டும்.

இனி எண்ணுவது சுலபம். அட்டவணையில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பத்தி, இருந்தால் 1, இல்லையென்றால் 0. ‘பரிமாறத் தாமதம்’ 23 பேர், ‘காரம் அதிகம்’ 19 பேர். இதைச் சதவீதமாகச் சொல்லும்போது எதற்குச் சதவீதம் என்று சொல்லியாக வேண்டும். எழுதிய 84 பேரில் 23 என்றால் 27 சதவீதம். சீட்டு நிரப்பிய 200 பேரில் என்றால் 11.5. சாப்பிட்ட எல்லோரிலும் எத்தனை என்பது இந்தக் கட்டிலிருந்து தெரியாது, சப்ளையர் சிரித்த முகமாக இருக்கும் மேசைக்கு மட்டும் சீட்டைக் கொடுத்திருக்கலாம்.

கடைசியாக, தலைப்பையும் மதிப்பெண்ணையும் சேர்த்து எண்ண வேண்டும். மதிப்பெண் C பத்தியில், சந்தேகக் குறி D பத்தியில், தாமதம் H பத்தியில் இருந்தால், எக்செல் போன்ற அட்டவணை மென்பொருளில் இந்தச் சூத்திரம் போதும்:

```
=COUNTIFS(C2:C201,"<=2",D2:D201,"",H2:H201,1)
```

சந்தேகக் குறி இல்லாத, 2 அல்லது அதற்குக் கீழே கொடுத்த, தாமதத்தைச் சொன்ன சீட்டுகளை மட்டும் இது எண்ணும். நம் கட்டில் தாமதத்தைச் சொன்ன 23 பேரில் 17 பேர் அப்படி. காரத்தைச் சொன்ன 19 பேரில் 3 பேர் மட்டும். மற்றவர்கள் “காரம் கொஞ்சம் கம்மி பண்ணுங்க” என்று எழுதிவிட்டு நாலோ ஐந்தோ வட்டமிட்டுப் போயிருக்கிறார்கள். தாமதம்தான் குறைந்த மதிப்பெண்ணுக்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த 17 வரிசை எண்களையும் குறித்துக்கொண்டு சீட்டுகளை உருவி, எந்தெந்தத் தேதி, எந்த வேளை என்று முதலாளி முன்னால் மேசையில் பரப்பி வைக்கலாம்.