ஹெட்டர், ஃபுட்டர்: தலைவரியும் அடிவரியும்

சொற்களை எண்ணி ஆய்வதற்காகப் பி.டி.எஃப் கோப்பிலிருந்து உரையைப் பிரித்தெடுத்தால், நூற்பெயர், இயல்பெயர், பக்க எண் ஆகியவையும் பக்கந்தோறும் உடன் வந்துவிடும். மேலே வருவது ஹெட்டர், கீழே வருவது ஃபுட்டர். ஆங்கிலத்தில் ஹெட் தலை, ஃபுட் அடி. அச்சுத் தொழிலில் மேல்வரிக்கு ‘ரன்னிங் ஹெட்’ என்றும் பக்க எண்ணுக்கு ‘ஃபோலியோ’ என்றும் பெயர். இலத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. நம் ஓலைச்சுவடிகளின் ஓரத்தில் எழுதிய ஏட்டெண்ணும் இலையை எண்ணியதுதான்.

தமிழில் ஃபுட்டரை ‘அடிக்குறிப்பு’ என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. அடிக்குறிப்பு ஆசிரியர் எழுதிய உரை. அது ஆய்வில் இருக்க வேண்டும். ஃபுட்டர் பக்க அமைப்புக்காக வந்தது. அது போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், ‘அடிக்குறிப்புகளை நீக்குக’ என்ற ஒரு வரி சான்றுகளையெல்லாம் அழித்துவிடும். ஹெட்டரை ‘தலைப்பு’ என்பதிலும் இதே குழப்பம் உண்டு. ஆகவே தலைவரி, அடிவரி என்பவையே பொருத்தமானவை.

‘தாமிரபரணிப் பாசனம்’ என்று 200 பக்க நூல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடப்பக்கங்களில் ‘தாமிரபரணிப் பாசனம் 46’ என்பது போலவும், வலப்பக்கங்களில் ‘மருதூர் அணைக்கட்டு 47’ என்பது போலவும் தலைவரி இருக்கிறது. நீக்காமல் சொற்களை எண்ணினால், ‘பாசனம்’ ஏறத்தாழ 100 முறை கூடுதலாக வரும். பக்கம் கடந்து செல்லும் வாக்கியங்களும் நடுவில் உடையும்.

பக்கந்தோறும் முதல் வரியை வெட்டிவிடுவது தவறு. இயல் தொடங்கும் பக்கத்தில் பெரும்பாலும் தலைவரி இராது. அங்கே உரையே போய்விடும். பக்கத்தின் முதல் இரண்டு, கடைசி இரண்டு வரிகளை மட்டும் எடுத்து, எண்களை ஒரே குறியாக மாற்றி ஒப்பிட வேண்டும். பைத்தானில் அதற்கான வரி இது:

```
re.sub(r"\d+", "#", line)
```

இப்போது எல்லா இடப்பக்கங்களிலும் ‘தாமிரபரணிப் பாசனம் #’ என்றே இருக்கும். இட, வலப் பக்கங்களைத் தனித்தனியே எண்ணுவது அவசியம். இயல்பெயர் எட்டுப் பக்கங்களில் மட்டுமே வரக்கூடும் என்பதால், நூல் முழுவதையும் அளவாக வைக்காமல் அதே வகைப் பக்கங்களில் அடுத்தடுத்துத் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

தனியே நிற்கும் எண்ணுக்கு வேறொரு சோதனை உண்டு. கோப்பின் 58ஆம் பக்கத்தில் 46 என்றும் 59இல் 47 என்றும் இருந்தால், வேறுபாடு எப்போதும் 12. அட்டவணையின் கடைசி வரியில் நிற்கும் 1948 இந்தக் கணக்கில் அடங்காது. அதைத் தொடக் கூடாது.

நான் மிகவும் அஞ்சுவது, முன் குறிப்பில் சொன்ன நூலையே மீண்டும் சுட்டும் ‘5. மேலது, ப. 31’ போன்ற அடிக்குறிப்புகளைத்தான். எண்களை மறைத்ததும் பல பக்கங்களில் அவை ‘#. மேலது, ப. #’ என்று ஒன்றுபோலாகி, அடிவரியாகவே தோன்றும். அந்த எண்கள் பக்க வரிசையில் ஒவ்வொன்றாக ஏறுவதில்லை என்பதை வைத்தே அவற்றைப் பிரித்தறியலாம். அழிப்பதற்கு முன் நீக்கப்போகும் வரிகளை ஒரு பட்டியலாக எடுத்துக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ‘மேலது’ அதில் இருந்தால் அழிப்பதை நிறுத்திவிட்டு விதியைத் திருத்துங்கள்.