லாரியா, பாலமா? ‘அது’ என்ற சொல்லை இயந்திரம் வாசிக்கும் விதம்

“லாரி பாலத்துக்கு அடியில் நுழையவில்லை, அது மிகவும் உயரமாக இருந்தது.” இந்த வாக்கியத்தில் ‘அது’ என்பது லாரி. வாசிக்கும் யாருக்கும் இதில் சந்தேகம் வராது. இப்போது ஒரே ஒரு சொல்லை மாற்றுவோம்: “லாரி பாலத்துக்கு அடியில் நுழையவில்லை, அது மிகவும் தாழ்வாக இருந்தது.” ‘அது’ சட்டென்று பாலமாகிவிடுகிறது. இலக்கணம் இங்கே கைகொடுக்காது. லாரியும் அஃறிணை, பாலமும் அஃறிணை, இரண்டும் ஒருமை. அருகில் இருக்கும் பெயர்ச்சொல்லை எடுத்துக்கொள் என்று விதி வைத்தால் ஒரு வாக்கியத்தில் சரியாகும், மற்றதில் தவறிவிடும்.

நாம் இதை எப்படித் தீர்க்கிறோம்? ‘அது’ வந்ததும் நம் மனம் வாக்கியத்தின் எல்லாச் சொற்களையும் ஒரே அளவில் மதிப்பதில்லை. லாரி, பாலம் ஆகிய இரண்டுக்கும் எடை கூடுகிறது. ‘உயரமாக’ என்பது வந்தவுடன் எடை ஒரு பக்கமாகச் சாய்கிறது. ‘மிகவும்’ என்ற சொல்லுக்கு இந்த வழக்கில் வேலையே இல்லை. சாட் ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளின் அடியில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பும் இப்படி எடைபோடுவதையே செய்கிறது. அதற்கு அட்டென்ஷன், அதாவது கவனம், என்று பெயர். ஆனால் அந்த எடைபோடுதல் ஒரே முறையில் முடிவதில்லை. முதல் சுற்றில் அதனால் இந்த ‘அது’வைத் தீர்க்கவே முடியாது. ஏன் முடியாது என்பதுதான் இந்த அமைப்பின் சுவையான பகுதி என்று நினைக்கிறேன்.

முன்கதை கொஞ்சம். 2014 வாக்கில் புதிதாக வந்த நியூரல் நெட்வொர்க் வகை மொழிபெயர்ப்பு இயந்திரங்கள் வாக்கியத்தைச் சொல் சொல்லாக விழுங்கி, முழு வாக்கியத்தையும் ஒரே எண் பட்டியலுக்குள் அடைத்துக்கொண்டன. வாக்கியம் நீண்டால் தொடக்கத்தில் வந்தது மங்கிவிடும். அதே ஆண்டில் பாதனாவ், சோ, பெஞ்சியோ ஆகிய மூன்று ஆய்வாளர்கள், மொழிபெயர்க்கும்போது மூல வாக்கியத்தின் எந்தச் சொல்லையும் திரும்பிப் பார்த்து எடைபோட வழி செய்தார்கள். 2017இல் கூகுளில் பணியாற்றிய ஆஷிஷ் வஸ்வானி உள்ளிட்ட எட்டுப் பேர் இன்னும் துணிந்தார்கள். சொல் சொல்லாக விழுங்கும் பகுதியையே நீக்கிவிட்டு, சொற்கள் ஒன்றையொன்று எடைபோடுவதை மையமாக வைத்து அமைப்பைக் கட்டினார்கள். டிரான்ஸ்ஃபார்மர் பிறந்தது அப்படித்தான்.

இனி நம் லாரிக்கு வருவோம். இயந்திரத்துக்குள் ஒவ்வொரு சொல்லும் ஓர் எண் பட்டியல். அந்தச் சொல் எது, வாக்கியத்தில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்ற இரண்டு செய்தியும் அந்தப் பட்டியலில் கலந்திருக்கும். (உண்மையில் ‘பாலத்துக்கு’ போன்ற நீண்ட தமிழ்ச் சொற்கள் பல துண்டுகளாக உடைக்கப்பட்டே உள்ளே போகின்றன. இங்கே வசதிக்காக முழுச் சொல்லாக வைத்துக்கொள்கிறேன்.)

ஒவ்வொரு சொல்லின் பட்டியலிலிருந்தும் மூன்று புதிய பட்டியல்கள் செய்யப்படுகின்றன. முதலாவது ‘நான் எதைத் தேடுகிறேன்’ என்று சொல்வது. இரண்டாவது ‘என்னிடம் எது கிடைக்கும்’ என்று அறிவிப்பது. மூன்றாவது, தேடி வந்தவருக்கு உண்மையில் எடுத்துக் கொடுப்பது. துறையில் இவற்றை குவெரி, கீ, வேல்யூ என்கிறார்கள். ஒரு சொல்லின் தேடலையும் இன்னொரு சொல்லின் அறிவிப்பையும் நேர் நேராகப் பெருக்கிக் கூட்டினால் மதிப்பெண் வந்துவிடும். நான்கு எண்கள் மட்டுமே கொண்ட பட்டியல் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இவ்வளவுதான்:

```
அது (தேடல்)      = (1, 2, 0, 1)
லாரி (அறிவிப்பு) = (0, 1, 3, 2)
1×0 + 2×1 + 0×3 + 1×2 = 4
```

இந்த 4ஐ அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பட்டியலின் நீளத்துக்கு வர்க்கமூலம் கண்டு அதனால் வகுக்கிறார்கள். இங்கே நீளம் 4, வர்க்கமூலம் 2, எனவே மதிப்பெண் 2. வர்க்கமூலம் எதற்கு? பட்டியல் நீள நீளப் பெருக்கல் கூட்டுத்தொகை பெரிதாக அலைபாயும். அப்போது ஒரே சொல் எல்லா எடையையும் வாரிக்கொள்ளும், கற்றுக்கொள்ளும் வேலை முடங்கும். 2017 மாதிரியில் இந்தப் பட்டியலின் நீளம் 64. ஆகவே 8ஆல் வகுத்தார்கள்.

எட்டுச் சொற்களுக்கும் ‘அது’ தன் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டது என்று கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை: லாரிக்கு 2, பாலத்துக்கு 2, ‘உயரமாக’ என்பதற்கு 1, மற்ற ஐந்துக்கும் 0. இவற்றை சாஃப்ட்மேக்ஸ் என்ற கணக்கின் வழியாக எடைகளாக்க வேண்டும். e என்ற மாறிலியை (சுமார் 2.718) மதிப்பெண் அளவுக்கு அடுக்கேற்றி, வருவதை மொத்தத்தால் வகுப்பதுதான் அது. லாரிக்கு 7.39, பாலத்துக்கு 7.39, ‘உயரமாக’ 2.72, மற்றவை தலா 1; மொத்தம் 22.5. வகுத்தால் லாரிக்கு 0.33, பாலத்துக்கு 0.33, ‘உயரமாக’ 0.12, மற்றவற்றுக்குத் தலா 0.04 சொச்சம். எல்லாம் சேர்ந்தால் 1. இந்த விகிதத்தில் எட்டுச் சொற்களும் கொடுப்பதைக் கலந்து, அந்தக் கலவையை ‘அது’வின் பழைய பட்டியலோடு கூட்டுகிறார்கள். ‘அது’ இப்போது வெறும் ‘அது’ அல்ல. அதற்குள் கொஞ்சம் லாரி, கொஞ்சம் பாலம், கொஞ்சம் உயரம்.

இப்போது இரண்டாவது வாக்கியத்தை எடுங்கள். ‘உயரமாக’ இருந்த இடத்தில் ‘தாழ்வாக’. முதல் சுற்றில் ‘அது’வின் தேடல் என்ன? அதே ‘அது’, அதே ஐந்தாவது இடம். எனவே அதே எண்கள். லாரியின் அறிவிப்பும் பாலத்தின் அறிவிப்பும் மாறவில்லை. ஆகவே இரண்டு வாக்கியத்திலும் லாரிக்கும் பாலத்துக்கும் இடையிலான எடை விகிதம் இம்மியும் மாறாது. ‘அது’ இன்னும் ‘உயரமாக’ என்பதைப் பார்க்காமலே தன் தேடலைத் தயாரித்துவிட்டது. மனிதர் வாசிக்கும்போது கடைசிச் சொல் வந்ததும் திரும்பிப் போய் எடையை மாற்றுகிறாரே, அந்தத் திரும்பிப் போதல் ஒரு சுற்றில் கிடையாது. முதல் சுற்றில் நடக்கக்கூடியது, தீர்ப்புக்குத் தேவையான செய்தியை வாங்கி வைத்துக்கொள்வது மட்டும்.

அதனால்தான் அடுக்குகள்; ஒவ்வோர் அடுக்கும் ஒரு சுற்று. 2017 மாதிரியின் வாசிக்கும் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக 6 அடுக்குகள் இருந்தன. இரண்டாம் அடுக்குக்கு வரும்போது ‘அது’ உயரத்தைத் தன்னுள் கலந்துகொண்டிருக்கிறது. எனவே அதன் தேடல் ‘உயரமாக இருந்து தடையானது எது?’ என்பதுபோல மாறியிருக்கும். அதே நேரத்தில் மற்றச் சொற்களும் சும்மா இருக்கவில்லை. லாரி, ‘நுழையவில்லை’ என்பதிலிருந்து கொஞ்சம் வாங்கியிருக்கும்: நுழையப் பார்த்தது நான்தான். பாலம் ‘அடியில்’ என்பதிலிருந்து வாங்கியிருக்கும்: வழி எனக்குக் கீழே. நுழையப் பார்ப்பதற்கு உயரம் தடை, மேலே நிற்பதற்குத் தாழ்வு தடை என்ற பொருத்தம் இப்போதுதான் எண்களில் எட்டிப்பார்க்க முடியும். லாரிக்கு 3, பாலத்துக்கு 1, மற்ற ஆறுக்கும் 0 என்று மதிப்பெண் மாறினால் எடைகள் 0.70, 0.09, தலா 0.03 என்று வரும். ‘தாழ்வாக’ இருந்தால் லாரியும் பாலமும் இடம் மாறிக்கொள்ளும்.

உண்மையான மாதிரிகளில் இவ்வளவு சுத்தமாக இரண்டே அடுக்கில் கதை முடிவதில்லை. வேலை பல அடுக்குகளில் சிதறிக் கிடக்கும். ஓர் அடுக்குக்குள்ளேயும் ஒரே ஓர் எடைபோடுதல் அல்ல. அந்த மாதிரியில் 8 எடைபோடுதல்கள் இணையாக நடந்தன. அவற்றுக்கு ஹெட், அதாவது தலை, என்று பெயர். ஒரு தலை பக்கத்துச் சொல்லைப் பார்க்கும், இன்னொன்று வினைக்கும் எழுவாய்க்கும் முடிச்சுப் போடும். இந்தப் பங்கீட்டை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. தேடல், அறிவிப்பு, கொடுப்பு மூன்றையும் உண்டாக்கும் எண்கள், ஏராளமான வாக்கியங்களில் தவறிழைத்துத் திருத்தப்பட்டு, தாமாக அந்த நிலைக்கு வந்து நின்றவை.

இயந்திரம் ‘அது’வைச் சரியாகப் பிடித்ததா என்று வெளியிலிருந்து அறிய எளிய வழி உண்டு: ஜெர்மனுக்கு மொழிபெயர்க்கச் சொல்வது. அங்கே லாரிக்கான வழக்கமான சொல் ஆண்பால், பாலம் பெண்பால். ‘அது’ என்று நடுவில் நின்று தப்பிக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். உயரம், தாழ்வு இரண்டு வாக்கியத்தையும் கொடுத்தும் ஒரே பால் வந்தால், இயந்திரம் வழக்கத்தை ஒட்டி ஊகித்திருக்கிறது, எடைபோடவில்லை.

இதுவரை சொன்னது வாக்கியத்தின் இரு பக்கமும் பார்க்க வாய்ப்புள்ள அமைப்புக்கு. அடுத்த சொல்லை ஊகித்துக்கொண்டே எழுதும் ஜிபிடி வகை மாதிரிகளில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: எந்தச் சொல்லும் தனக்குப் பின்னால் வருவதைப் பார்க்கக் கூடாது. பின்வரும் சொற்களின் மதிப்பெண்ணைக் கழித்தல் முடிவிலியாக்கிவிடுவார்கள், எடை பூஜ்யமாகிவிடும். அங்கே ‘அது’ எத்தனை அடுக்கு ஏறினாலும் ‘உயரமாக’ என்பதைக் காணவே முடியாது. முடிச்சை அவிழ்ப்பது பின்னால் வரும் ‘உயரமாக’, ‘இருந்தது’ ஆகியவற்றின் பொறுப்பு. அவை பின்னோக்கிப் பார்த்து லாரியை எடுத்துக்கொள்ளும். ‘அது’ தீராமலே நிற்கும்.

இன்னொரு வினோதம். எடைகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1. ‘எனக்கு இங்கே எதுவும் வேண்டாம்’ என்று சொல்ல ஒரு தலைக்கு வழியில்லை. வேலையில்லாத தலை எடையை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். பல மாதிரிகளில் அது முதல் துண்டின் மேல் போய்க் குவிகிறது; அந்தத் துண்டுக்குப் பொருளே இல்லாவிட்டாலும் சரி. அட்டென்ஷன் எடைகளை வண்ணக் கட்டங்களாக வரைந்து காட்டும் படங்களில் இடது ஓரத்தில் நெடுகிலும் அடர்ந்த கோடு ஒன்று தெரிந்தால், அது பெரும்பாலும் இந்தக் கழிவுதான்.

அந்தப் படங்களை நம்பி, ‘இயந்திரம் இந்தச் சொல்லைப் பார்த்ததால் இந்த முடிவுக்கு வந்தது’ என்று சொல்வதும் ஆபத்தானது. 2019இல் ஆய்வாளர்களுக்குள் இதைப் பற்றிப் பெரிய வாதமே நடந்தது. எடை பெரிதாக இருந்தும் அந்தச் சொல் கொடுப்பது சிறிதாக இருக்கலாம். ஆறாம் அடுக்கில் ‘லாரி’ என்று நாம் பார்க்கும் இடத்தில், லாரியோடு பாதி வாக்கியமே கலந்திருக்கலாம். உறுதியாக அறிய வேண்டுமானால் தலையிட்டுப் பார்க்க வேண்டும்: ‘அது’விலிருந்து லாரிக்குப் போகும் எடையை ஓர் அடுக்கில் வேண்டுமென்றே பூஜ்யமாக்கிவிட்டு, ஜெர்மன் வாக்கியத்தில் ஆண்பால் மாறுகிறதா என்று பார்ப்பது. மாறாவிட்டால், முடிவு வேறு வழியாக வந்திருக்கிறது.